தேரோட்டப் படம் வரையக் கொடுக்கும் முன்: ஓவியருக்கு விவரக் குறிப்பு எழுதுவது எப்படி?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி எங்கள் தெருக்காரர்கள் ஒரு சிறிய விழா மலர் கொண்டுவந்தார்கள். அட்டைப்படத்துக்கு வெளியூர் ஓவியர் ஒருவரிடம் பேசி முடித்திருந்தார்கள். அவருக்குப் போன விவரம் ஒரே ஒரு வரி: "நெல்லையப்பர் தேரோட்டம், முன்னால் ஒரு வீட்டு வாசலில் கோலம்." நல்ல கைத்திறன் உள்ளவர்தான். ஆனால் வந்த பென்சில் படத்தில் இரண்டு குதிரைகள் தேரை இழுத்துக்கொண்டு வந்தன. தேர்த்தட்டில் நின்றவர் நெற்றியில் நாமம். தெரு முழுக்க ஓலை வீடுகள். கோலத்தின் நடுவில் பூசணிப்பூ. அதைப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏட்டி, ஆனி மாசத்துல பூசணிப்பூவுக்கு எங்கட்டி போவா அவ?" என்று கேட்டார்.

ஓவியரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அதன்பிறகு குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. படம் சரியாக வந்து சேர்வதற்குள் பட்ட பாட்டை மற்றவர்கள் படவேண்டாம் என்பதால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. எந்த விழா, எந்த நாள், எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கோயில் திருவிழா" என்று மட்டும் எழுதினால் நான்கு விழாக்கள் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருநெல்வேலிப் பக்கம் பெரிய கோயில் தேரோட்டம் வேறு, ஊர்க் கோயில் கொடை வேறு. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமியாடி எல்லாம் கொடை விழாவுக்கு உரியவை. தேரோட்டப் படத்தில் மூலையில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைச் சேர்த்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊர்க்காரர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். தேரோட்டத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் போதும்.

மாதமும் முக்கியம். சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ மார்கழிக்கு உரியது. வாசலில் வரிசையாக அகல் விளக்கு என்றால் கார்த்திகை. பானையும் கரும்பும் வந்தால் தை. ஆனித் தேருக்கு இவை எதுவும் வேண்டாம். வேண்டாதவற்றையும் குறிப்பில் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். ஏனென்றால் "கோலம்" என்றதும் பலருக்கும் மனதில் வருவது மார்கழி வாசல்தான்.

அப்புறம் நேரம். வாசலில் விடியற்காலையிலேயே கோலம் விழுந்துவிடும். தேர் வருவது அதற்கு வெகு நேரம் கழித்து. பெண் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்க, பின்னால் தேர் நெருங்கி வருகிறது என்றால் இரண்டு வெவ்வேறு நேரங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். நாங்கள் இதற்கு ஒரு வழி கண்டோம். கோலம் போட்டு முடிந்துவிட்டது, கோலப்பொடிக் கிண்ணம் வாசற்படியில் இருக்கிறது, போட்டவர் எழுந்து நின்று தேர் வரும் திசையைப் பார்க்கிறார். படத்துக்கும் அது அழகாக அமைந்தது.

2. எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?

பலரும் எழுதாமல் விடுவது இதைத்தான். கேடு வருவதும் இங்கிருந்துதான்.

தேர் கோயிலை வலமாகச் சுற்றும். கீழ ரத வீதியில் புறப்பட்டு, தெற்கு ரத வீதி, மேல ரத வீதி, வடக்கு ரத வீதி என்று வந்து நிலை சேரும். அதாவது எப்போதும் கோயில் தேருக்கு வலப்பக்கம் இருக்கும். தெற்கு ரத வீதியில் தேர் கிழக்கிலிருந்து மேற்கே போகும். நீங்கள் அந்தத் தெருவில் கிழக்கே பார்த்து நின்றால் தேர் உங்களை நோக்கி வரும், கோயில் பக்கம் உங்கள் இடக்கைப்புறம். காலை வெயில் தேருக்குப் பின்னாலிருந்து வருவதால் நிழல் உங்கள் பக்கம் விழும்.

இந்தச் சிறு கணக்கைக் குறிப்பிலேயே எழுதுங்கள். காரணம் இருக்கிறது. தலைப்பு எழுத்துக்கு இடம் வேண்டுமென்று அச்சகத்தில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது சாதாரணமாக நடக்கிற காரியம். பூவோ மலையோ என்றால் ஒன்றும் ஆகாது. தேர்ப் படத்தைத் திருப்பினால் தேர் கோயிலை இடமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். "இந்தப் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் இடம் வலமாகத் திருப்பக் கூடாது" என்று ஒரு வரி ஓவியருக்கும் அச்சகத்துக்கும் தனித்தனியாகப் போகட்டும்.

கோபுரம் தெரிய வேண்டுமா? நீங்கள் தேர்ந்த இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். அதில் கோபுரம் தெரிந்தால் படத்திலும் வரட்டும். தெரியாவிட்டால் வலிந்து கொண்டுவர வேண்டாம்.

3. ஓவியருக்கு அனுப்ப வேண்டிய போட்டோக்கள்

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொன்ன பிறகு, கோயிலுக்குள் படம் எடுக்கும் பேச்சே இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. தேர் தெருவில் வருகிறது, கோலம் தெருவில் இருக்கிறது.

தேவைப்படும் போட்டோக்கள் இவை: அலங்காரத்தோடு தேர் முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சக்கரம் மட்டும் கிட்டத்தில் ஒன்று, வடத்தைக் கைகள் பிடித்திருப்பது ஒன்று, நீங்கள் தேர்ந்த வீட்டு வாசல் ஒன்று, தெரு முழுவதும் ஒன்று. ஆறு ஏழு படத்துக்கு மேல் போனால் ஓவியர் எதை நம்புவது என்று குழம்பிப் போவார். ஒவ்வொரு படத்தின் கீழும் "இதில் சக்கரத்தை மட்டும் பார்க்கவும்", "இதில் தேர்ச்சீலையின் நிறம் மட்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே காலம் முக்கியம். அலங்கரித்த தேரை வருடத்தில் ஒரு நாள்தான் தெருவில் பார்க்க முடியும். அடுத்த வருட மலருக்கு வேண்டிய போட்டோவை இந்த வருடத் தேர் அன்றே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களை அனுப்பும்போது அது நெல்லையப்பர் தேர்தானா, ஐந்து தேர்களில் எது என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். விநாயகர், சுப்பிரமணியர், சுவாமி, அம்பாள், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. விநாயகர் தேரைப் பார்த்து சுவாமி தேரை வரைந்தால் சுவாமி தேருக்கு உள்ள அந்தப் பெரும் கட்டு படத்தில் வரவே வராது.

போட்டோவில் அடையாளம் தெரியும்படி இருக்கும் ஆட்களின் முகத்தை அப்படியே வரைய வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். வாசலில் நிற்கும் பெண்ணுக்கு யாரையாவது மாதிரியாக வைத்தால் அவரிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

4. கோலத்தை வார்த்தையில் சொல்லாதீர்கள், தாளில் போட்டுக் கொடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான்.

"7 புள்ளிக் கோலம்" என்று எழுதினால் போதும் என்று நினைப்போம். ஆனால் அதை மூன்று விதமாகப் போடலாம். நேர்ப்புள்ளியில் 7 வரிசையும் 7 புள்ளியாக வைத்தால் சதுரம், மொத்தம் 49 புள்ளி. அதே நேர்ப்புள்ளியை 7-ல் தொடங்கி 5, 3, 1 என்று இரண்டு பக்கமும் குறைத்தால் சாய்சதுரம், மொத்தம் 25. ஊடுபுள்ளியாக 7-ல் தொடங்கி 6, 5, 4 என்று நான்கு வரை குறைத்தால் அறுகோணம், மொத்தம் 37. நம் வீட்டுப் பெண்கள் "7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கோலம் தெரியாத ஓவியருக்கு அதைப் புள்ளி வைத்துக் காட்டினால்தான் புரியும்.

அதனால் ஒரு வெள்ளைத் தாளில் முதலில் புள்ளிகளை மட்டும் வையுங்கள். இன்னொரு தாளில் கோலத்தை முழுதாகப் போடுங்கள். மூன்றாவதாக, தரையில் போட்டு நேர் மேலிருந்து ஒரு போட்டோ. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கோலத்துக்கான முழு விவரம்.

அடுத்து, எந்த வகைக் கோலம் என்று சொல்லுங்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடவே தொடாது, வளைத்துக்கொண்டு போகும். புள்ளி ஒவ்வொன்றும் இழைக்குள் அடைபட்டிருக்கும். இரண்டையும் கலந்து, பாதிப் புள்ளியை இணைத்தும் பாதியை வளைத்தும் வரைந்த படங்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன். தூரத்தில் பார்த்தால் கோலம் போலவே இருக்கும். கிட்டத்தில் போனால் எந்தக் கோடும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஊடுபுள்ளி 7, 4 வரை, சிக்குக் கோலம், சுற்றிலும் காவிக் கரை. ஓவியர் வரைந்து அனுப்பியதும் நான் இப்படித்தான் சரிபார்த்தேன். படத்தைப் பெரிதாக்கி, முதலில் நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4 என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஓர் இழையில் விரலை வைத்து அது போகிற போக்கில் நகர்த்தினேன். தொடங்கிய இடத்துக்கே விரல் திரும்பி வர வேண்டும். எங்காவது முட்டி நின்றால் அங்கே கோலம் தப்பு. அந்த இழை முடிந்த பிறகும் விரல் படாத இழை மீதி இருந்தால் அதையும் தனியாகத் தொடர வேண்டும்.

எங்கள் படத்தில் விரல் நின்றது சரியாக நடுக்கோட்டில். ஓவியர் இடது பாதியை மட்டும் வரைந்து, அதைக் கணினியில் திருப்பி வலது பாதியாக ஒட்டியிருந்தார். ஒட்டிய இடத்தில் சில இழைகள் இரட்டித்துத் தடித்திருந்தன, இரண்டு இழைகள் சேராமல் நின்றன. கணினியில் வரைகிற யாரும் எடுக்கும் குறுக்குவழி இது. ஆகவே படம் வந்ததும் முதலில் நடுக்கோட்டைப் பாருங்கள்.

இன்னொரு தப்பும் அடிக்கடி வரும். மேலிருந்து பார்த்த கோலத்தை அப்படியே எடுத்து வாசலில் ஒட்டிவிடுவார்கள். நின்று பார்க்கிறவருக்குத் தரையில் உள்ள கோலம் அகலமாகவும் உயரம் குறுகியும்தான் தெரியும். தூரத்துப் புள்ளிகள் நெருங்கி இருக்கும், கிட்டத்துப் புள்ளிகள் விலகி இருக்கும். ஒட்டிய கோலமோ தரையிலிருந்து எழுந்து நிற்பது போலத் தோன்றும். அதனால் ஓவியரிடம் இரண்டு கோப்புகள் கேளுங்கள். மேலிருந்து பார்த்த தட்டையான கோலம் ஒன்று, அதைத் தரைச் சாய்வுக்குக் கொண்டுவந்தது ஒன்று. இழையைச் சரிபார்க்க முதல் கோப்பு, படத்துக்கு இரண்டாவது.

5. வாசலும் தெருவும் இருக்கிறபடியே இருக்கட்டும்

கோலம் என்றால் சாணம் மெழுகிய மண் வாசல், ஓலைக் கூரை என்று வரைந்து வைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ரத வீதியில் கடைகளும் மாடி வீடுகளும் இருக்கின்றன. வாசலுக்கு முன்னால் சிமெண்ட், அதைத் தாண்டினால் தார் ரோடு. தண்ணீர் தெளித்த ஈரச் சிமெண்டில்தான் வெள்ளைக் கோலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். இருக்கிற தெருவை வரைவதுதான் மரியாதை என்பது என் எண்ணம். பழமையாகக் காட்டுவதற்காக மக்களை ஏழ்மையாகக் காட்ட வேண்டாம்.

கோலம் போடுகிற நிலையிலேயே பெண் இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் இரண்டு விஷயம் எழுதுங்கள். பொடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து விழுகிறது, கையில் தூரிகையோ சாக்பீஸோ இல்லை. அவர் இடுப்பை வளைத்துக் குனிந்திருக்கிறார் அல்லது குத்துக்காலிட்டு இருக்கிறார், சம்மணம் போட்டு உட்காரவில்லை.

6. தேரில் தப்பு வரும் இடங்கள்

முன்னால் இருக்கும் குதிரைகள் மரத்தால் செய்தவை, தேரோடு பொருத்தியவை. தேரை இழுப்பது மக்கள், வடம் பிடித்து. சக்கரம் பெரும்பாலும் புராணப் படங்களில் வருவது போல ஆரக்கால் வைத்து வந்துவிடும். நீங்கள் அனுப்பிய சக்கரப் போட்டோவைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். மேலே தேர்ச்சீலைகளும் தொங்கும் தொம்பைகளும், கீழே மரச் சிற்பங்கள் உள்ள அடித்தட்டும். சிற்பங்களை ஒவ்வொன்றாக வரையச் சொல்ல வேண்டாம். இந்த அளவில் வரிசை வரிசையாக உருவங்கள் இருக்கின்றன என்பது தெரிந்தால் போதும். தெளிவாக வரையப் போனால் இல்லாத சிற்பங்களை ஓவியர் கற்பனை செய்ய வேண்டி வரும்.

இது சிவன் கோயில். தேர்த்தட்டில் நிற்கும் பட்டர் நெற்றியில் மூன்று கோடாக விபூதி. கொடி வருமானால் அதில் ரிஷபம்.

வடம் பிடிப்பவர்களில் ஆணும் பெண்ணும் உண்டு, வேட்டியும் பேண்ட்டும் உண்டு. எல்லோரையும் ஒரே நிற வேட்டியில் நிறுத்தினால் நாடக மேடை போல ஆகிவிடும். தேர் போகிற தெருவில் அன்று மின்சாரத்தை நிறுத்துவார்கள், ஆகவே கடை விளக்குகள் எரிய வேண்டாம்.

மூலவரை எந்த வடிவிலும் வரைய வேண்டாம் என்பது எங்கள் தெருப் பெரியவர்கள் சொன்ன கட்டளை. தேருக்குள் உற்சவரையும் தூரத்தில் பூ அலங்காரமாகக் காட்டினால் போதும், முகம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தலைப்பு எழுத்து தேரின் மேல் ஏறக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்து எழுதுங்கள்.

7. நாங்கள் அனுப்பிய குறிப்பு

எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. மாதிரிக்குத் தருகிறேன்:

"நிகழ்வு: திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், முற்பகல். இடம்: தெற்கு ரத வீதி, கிழக்கே பார்த்து. சுவாமி தேர் தெருவின் நடுவில் நம்மை நோக்கி வருகிறது. கோயில் பக்கம் படத்தின் இடது. வெயில் தேருக்குப் பின்னாலிருந்து, நிழல் நம் பக்கம். வலது முன்புறம் ஒரு மாடி வீட்டின் வாசல். அதற்கு முன்னால் தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரையில் வெள்ளைச் சிக்குக் கோலம், இணைத்துள்ள தாளில் உள்ளபடியே, சுற்றிலும் காவிக் கரை. கலர்ப் பொடி இல்லை, பூ இல்லை, விளக்கு இல்லை. வாசற்படியில் ஒரு சிறு கிண்ணம். நடுத்தர வயதுப் பெண், சாதாரணச் சேலை, கையில் தேங்காய் பழத் தட்டு, தேரைப் பார்த்து நிற்கிறார், காலில் செருப்பு இல்லை. முன்னால் இரண்டு நீள வடங்கள், பிடித்து இழுக்கும் ஆண்களும் பெண்களும். வலது ஓரத்தில் நாதஸ்வரம் ஒருவர், தவில் ஒருவர். மேலே மூன்றில் ஒரு பங்கு வானம், தலைப்புக்காகக் காலியாக இருக்கட்டும். படத்தை இடம் வலமாகத் திருப்பக் கூடாது."

வடங்களின் எண்ணிக்கையை எங்கள் போட்டோவைப் பார்த்து எழுதினோம். நீங்களும் உங்கள் போட்டோவைப் பார்த்து எழுதுங்கள்.

8. பணமும் காலமும்

தொகை ஓவியருக்கு ஓவியர் மாறும். ஆனால் பேச வேண்டியது ஒன்றுதான்: பென்சில் நிலையில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், வண்ணம் போட்ட பிறகு திருத்தினால் கூடுதல் எவ்வளவு? பென்சிலில் சக்கரத்தை மாற்றுவது சிறிய வேலை. வண்ணத்துக்குப் பிறகு அதே மாற்றம் பாதிப் படத்தை மறுபடி வரைவதற்குச் சமம். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது: தொடங்கும்போது ஒன்று, பென்சில் படத்தை ஒப்புக்கொண்டதும் ஒன்று, கோப்பு கைக்கு வந்ததும் மீதி. மலருக்கு மட்டுமா, பிறகு காலண்டருக்கும் அச்சிடலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பென்சில் படத்தைக் குறைந்தது மூன்று பேரிடம் காட்டுங்கள். கோலத்தைத் தினமும் போடுகிற ஒருவர், தேரில் வேலை பார்க்கிற ஒருவர், அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவர். மூன்று பேரும் வேறு வேறு தப்புகளைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரே பட்டியலாக்கி ஒரே தடவையாக ஓவியருக்கு அனுப்புங்கள். தினம் ஒன்றாக அனுப்பினால் திருத்தத் தவணைகள் தீர்ந்துபோகும்.

தேர் நாள் வருடத்துக்கு வருடம் மாறும். 2024-ல் ஜூன் 21, 2025-ல் ஜூலை 8. விழா பத்து நாள், தேர் ஒன்பதாம் நாள். மலர் கொடியேற்றத்தன்று கையில் இருக்க வேண்டுமானால் தேர் நாளிலிருந்து அல்ல, கொடியேற்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சித்திரை முடிவதற்குள் குறிப்பு ஓவியரிடம் போய்விட வேண்டும். வைகாசியில் பென்சில் படமும் திருத்தமும் வண்ணமும். அச்சுக்கு ஒரு வாரமாவது விடுங்கள்.

9. அச்சுக்குப் போகும்போது

ஏ4 அட்டை என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 2480 × 3508 பிக்சல். வெட்டுவதற்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும், அதையும் சேர்த்தால் 2551 × 3579. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஓரத்தில் நிற்கும் தவில்காரரின் கை வெட்டுப்பட்டுப் போகும்.

கோல இழை மெலிதாக இருந்தால் அச்சில் சுற்றியுள்ள இருண்ட மை பரவி வெள்ளையை அடைத்துவிடும். முழு அச்சுக்கு முன் ஒரே ஒரு தாள் மாதிரி எடுத்து, அதிலும் விரலை வைத்து இழையைத் தொடர்ந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் இழையைக் கொஞ்சம் தடிமனாக்கச் சொல்லுங்கள், புள்ளி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

உள் அட்டையில் படக்குறிப்பு போடும்போது ஊர், கோயில், விழா, தெரு, கோல வகை ஐந்தையும் எழுதுங்கள்: "தெற்கு ரத வீதியில் சுவாமி தேர், ஆனித் தேரோட்டம், நெல்லையப்பர் கோயில், திருநெல்வேலி. வாசலில் ஊடுபுள்ளி 7, 4 வரை சிக்குக் கோலம்." கோலத்தைத் தாளில் போட்டுக் கொடுத்தவரின் பெயரையும், அவர் சம்மதித்தால், ஓவியர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.